பதில் வராத பணம்

சென்ற வாரம் ஒரே ஒருவருக்குப் பணம் அனுப்பினோம். இந்த வாரம் 300 பேருக்கு. உணவு விநியோக நிறுவனம் ஒன்று தன் ஓட்டுநர்களுக்குச் சனிக்கிழமைதோறும் ஐஎம்பிஎஸ் வழியாக வாரக் கூலி போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டியல் ஓடி முடிந்தபோது 288 பேருக்குப் பணம் சேர்ந்துவிட்டது. 9 பேருக்கு வங்கி மறுத்துவிட்டது. மீதி 3 பேரைப் பற்றி எந்தப் பதிலும் இல்லை.

சிக்கல் அந்த மூவரிடம்தான். ஒருவருக்குச் சேர வேண்டியது 4,350 ரூபாய். நம் சர்வர் 30 விநாடி காத்திருந்துவிட்டு இணைப்பைத் துண்டித்தது. கோரிக்கை வங்கிக்குப் போகாமலே இருந்திருக்கலாம். பணம் பிடிக்கப்பட்டு, என்பிசிஐ வழியாகப் போய், அவர் கணக்கில் வரவாகி, பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். நம் கணக்கில் பிடித்த பணம் அவர் கணக்குக்குப் போகாமல் நடுவிலும் நிற்கலாம். நம் பக்கத்திலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இங்கே பலரும் டைம்அவுட்டைப் பிடித்து `FAILED` என்று எழுதிவிடுகிறார்கள். மறுமுயற்சி நிரல் அதைப் பார்த்துப் புதிய குறிப்பு எண்ணோடு இன்னொரு முறை அனுப்புகிறது. எண் வேறு என்பதால் வங்கிக்கு அது வேறு கட்டளை. ஓட்டுநர் கையில் 8,700 ரூபாய். அதை அவர் சம்மதமில்லாமல் வங்கி எளிதில் திருப்பி எடுத்துத் தராது.

ஆகவே `UNKNOWN` என்பது தனி நிலையாக இருக்க வேண்டும். அதைத் தோல்வியின் ஒரு வகை என்று எண்ணக் கூடாது. கொடுக்க வேண்டிய தொகை ஒரு அட்டவணையிலும், அதை அனுப்ப எடுத்த ஒவ்வொரு முயற்சியும் இன்னொரு அட்டவணையிலும் இருக்கட்டும். குறிப்பு எண்ணை வங்கியை அழைப்பதற்கு முன்பே உருவாக்கிச் சேமித்துவிட வேண்டும். அழைத்த கணத்தில் சர்வர் விழுந்தாலும் எதைப் பற்றி விசாரிப்பது என்று அப்போதுதான் தெரியும். எழுந்ததும் `SENDING` நிலையில் கிடப்பவற்றை `UNKNOWN` என்றே கொள்ள வேண்டும். மீதி ஒழுக்கத்தை நிரலாளரின் நினைவுக்கு விடாமல் டேட்டாபேஸிடமே ஒப்படைக்கலாம். போஸ்ட்கிரஸில் இப்படி:

```sql
CREATE UNIQUE INDEX one_live_attempt
    ON attempts (payout_id)
 WHERE state NOT IN ('FAILED', 'REVERSED');
```

முந்தைய முயற்சி திட்டவட்டமாகத் தோற்றோ, பணம் திரும்பி வந்தோ இருந்தால் தவிர, அதே தொகைக்கு இரண்டாவது வரி உள்ளே நுழையாது. நள்ளிரவில் யாராவது அவசரத்தில் பொத்தானை அழுத்தினாலும் நுழையாது. எனக்குத் தெரிந்து இவ்வளவு மலிவான காப்பீடு வேறில்லை.

அப்படியானால் அந்த மூவருக்கு என்ன செய்வது? அதே குறிப்பு எண்ணைக் கொண்டு நிலையை விசாரிக்க வேண்டும். ஒரு நிமிடத்தில், ஐந்து நிமிடத்தில், பிறகு இன்னும் தள்ளித் தள்ளி. ‘அப்படியொரு கட்டளை இல்லை’ என்று பதில் வந்தால் உடனே நம்பிவிடக் கூடாது. கோரிக்கை இன்னும் வரிசையில் நிற்கக்கூடும். மறுநாள் கணக்கு அறிக்கையில் பற்று இல்லை என்று பார்த்த பிறகு `FAILED` எழுதலாம். நடுவில் நிற்கும் பணத்துக்கும் கெடு உண்டு. ரிசர்வ் வங்கியின் 2019 சுற்றறிக்கைப்படி, ஐஎம்பிஎஸ்ஸில் பற்று வைத்து வரவாகாத தொகை அடுத்த நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அதுவரை ஓட்டுநரின் செயலியில் ‘தோல்வி’ என்று காட்டாமல் ‘உறுதி செய்யப்படுகிறது’ என்று காட்டுவதே நியாயம்.

விசாரிக்காமல் அதே எண்ணோடு மறுபடி அனுப்பலாமா? எதிர்முனை அந்த எண்ணை நினைவில் வைத்திருப்பதாக எழுத்தில் உறுதி தந்தால் மட்டுமே. அந்த நினைவுக்கும் ஆயுள் உண்டு. ஸ்டிரைப்பின் ஏபிஐயில் `Idempotency-Key` 24 மணி நேரம் கடந்தபின் நீக்கப்படலாம். வெள்ளிக்கிழமை தொங்கியதைத் திங்களன்று அதே சாவியோடு அனுப்பினால் அது புதுக் கட்டளையாகவே எடுத்துக்கொள்ளப்படலாம்.

மறுக்கப்பட்ட 9 பேரின் கதை எளிது. கணக்கு எண் தவறென்றால் எத்தனை முறை அனுப்பினாலும் அதே மறுப்புதான். விவரம் திருத்தும்வரை நிறுத்தி வையுங்கள். வங்கி சர்வர் அந்த நேரம் ஓய்வில் இருந்தது என்பது போன்ற காரணங்களுக்கு மட்டும் தானியங்கி மறுமுயற்சி. இதனால்தான் பட்டியலுக்கென்று ஒரு ‘தோல்வி’ நிலையை வைக்க வேண்டாம் என்கிறேன். வைத்தால் முழுப் பட்டியலையும் திரும்ப ஓட்டும் பொத்தான் ஒன்று தானாக முளைத்துவிடும்.

கடைசியாக, சேர்ந்துவிட்டதாக நினைத்ததும் திரும்பி வரலாம். அதே கூலியை நெஃப்ட்டில் போட்டால் பணம் அரை மணிக்கொரு தொகுதியாகப் போகிறது. பெறும் வங்கியால் வரவு வைக்க முடியாவிட்டால் தொகுதி முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் திருப்பியனுப்ப வேண்டும். ஆகவே `SUCCESS` நிலையிலிருந்து `REVERSED` நிலைக்கு ஒரு வழி திறந்தே இருக்க வேண்டும். திரும்பி வந்த தொகை நம் அறிக்கையில் வேறொரு வரியாக, வேறொரு நேரத்தில் வரவாகும். அந்த வரியைப் பழைய முயற்சியோடு எப்படிப் பொருத்துவது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.