‘ஆன்’ ஆன சுவிட்சுக்குள் 180 ஓம்

உலையின் சூடு 720 டிகிரி செல்சியஸ். அதை அளக்கும் பெட்டியோ 612 என்று காட்டுகிறது. உலைக்குள் இருக்கும் தெர்மோகப்பிளைக் கழற்றிச் சோதித்தால் அதில் பழுதில்லை. பெட்டிக்குள் இருக்கும் ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாக அளந்தால் எல்லாம் ஒரு சதவீதத்துக்குள் சரியாக இருக்கின்றன. ஆப்-ஆம்பை மாற்றிப் பார்த்தாலும் அதே 612தான். அதே பெட்டியில் 3 வோல்ட் தரும் வேறொரு சென்சாரை இணைத்தால் மட்டும் அளவு சரியாக வருகிறது.

பெரிய சிக்னலுக்குச் சரி, சிறிய சிக்னலுக்குத் தப்பு. இப்படி ஒரு கருவி நடந்துகொண்டால் முதலில் சந்தேகப்பட வேண்டியது, பெருக்கத்தை மாற்றுவதற்காக உள்ளே வைத்திருக்கும் அனலாக் சுவிட்சை.

இந்தப் பெட்டி மூன்று வகை சென்சார்களைப் படிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 3 வோல்ட் வரை தரும். அடுத்தது 300 மில்லிவோல்ட் வரை. மூன்றாவதான கே வகை தெர்மோகப்பிள் 720 டிகிரியிலும் கிட்டத்தட்ட 30 மில்லிவோல்ட்தான் தரும். மூன்றையும் 3 வோல்ட் அளவுக்குக் கொண்டுவந்தால்தான் அடுத்து இருக்கும் டிஜிட்டல் பகுதி நன்றாகப் படிக்கும். எனவே முதல் சென்சாருக்கு 1 மடங்கு, இரண்டாவதற்கு 10, மூன்றாவதற்கு 100 மடங்கு பெருக்கம் தேவை.

பாடப்புத்தகத்தில் முதலில் வரும் ஆப்-ஆம்ப் சர்க்யூட்டில் இரண்டு ரெசிஸ்டர்கள்தான். சிக்னல் நுழையும் வழியில் ஒன்று, அவுட்புட்டிலிருந்து உள்ளீட்டுக்குத் திரும்பும் வழியில் இன்னொன்று. திரும்பும் வழி ரெசிஸ்டரை நுழையும் வழி ரெசிஸ்டரால் வகுத்தால் கிடைப்பதே பெருக்கம். குறி தலைகீழாகும், அது இங்கே பிரச்சினை இல்லை. திரும்பும் வழியில் 100 கிலோ ஓமை நிரந்தரமாக வைத்துவிட்டு, நுழையும் வழியில் 100 கிலோ ஓம், 10 கிலோ ஓம், 1 கிலோ ஓம் ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் 1, 10, 100 என்று மூன்று பெருக்கமும் கிடைத்துவிடும். தேர்ந்தெடுக்கும் வேலையை 4051 என்ற ஐசி செய்கிறது. மலிவானது, எளிதில் கிடைப்பது. மைக்ரோகன்ட்ரோலர் சொல்லும் எண்ணுக்கு ஏற்ப எட்டு வழிகளில் ஒன்றைத் திறந்துவிடும்.

வீட்டுச் சுவரில் இருக்கும் சுவிட்சில் உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. 4051-க்குள் அப்படித் தொடும் பாகம் எதுவும் இல்லை. ஒவ்வொரு வழியிலும் என் வகை, பி வகை மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்கள் இரண்டு பக்கம்பக்கமாக இணைந்திருக்கின்றன. ‘ஆன்’ என்றால் அந்தச் சிலிக்கானில் ஒரு மெல்லிய பாதை உருவாகிறது, அவ்வளவுதான். மின்சாரம் அதன் வழியே போகும், ஆனால் தடையோடு போகும். இதைத்தான் ஆன்-ரெசிஸ்டன்ஸ் என்கிறார்கள். சிடி4051பி ஐசியின் டேட்டாஷீட்டில், மொத்த சப்ளை 10 வோல்ட்டாக இருக்கும்போது இந்தத் தடை வழக்கமாக 180 ஓம் என்று போட்டிருக்கும். நம் பெட்டியின் சப்ளை பிளஸ் 5, மைனஸ் 5 வோல்ட். மொத்தம் அதே 10தான்.

இந்த 180 ஓம், தேர்ந்தெடுத்த ரெசிஸ்டரோடு தொடராகச் சேர்ந்துகொள்கிறது. விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்:

1 மடங்கு: 1,00,000 ÷ 1,00,180 = 0.998
10 மடங்கு: 1,00,000 ÷ 10,180 = 9.82
100 மடங்கு: 1,00,000 ÷ 1,180 = 84.7

முதல் வரியில் பிழை 0.2 சதவீதத்துக்கும் குறைவு; யார் கண்ணிலும் படாது. இரண்டாவதில் 1.8 சதவீதம், ரெசிஸ்டரின் மீது பழி போட்டுவிடலாம். மூன்றாவதில் 15 சதவீதம். 30 மில்லிவோல்ட் 3 வோல்ட்டாக மாறுவதற்குப் பதில் 2.54 வோல்ட்டாக வருகிறது. அதை 25.4 மில்லிவோல்ட் என்று புரிந்துகொள்ளும் பெட்டி 612 டிகிரி என்று எழுதுகிறது.

குற்றவாளி சுவிட்ச்தான் என்பதை உறுதிசெய்வது எளிது. சிக்னல் வந்துகொண்டிருக்கும்போது மல்டிமீட்டரின் இரு முனைகளையும் சுவிட்சின் இரு கால்களில் வையுங்கள். நம் சர்க்யூட்டில் 4.6 மில்லிவோல்ட் காட்டும். நல்ல சுவிட்ச் என்றால் அங்கே பூஜ்யம் இருந்திருக்க வேண்டும். உள்ளே வந்த 30 மில்லிவோல்ட்டில் 4.6 என்பது 15 சதவீதம்; பெருக்கத்தில் குறைந்ததும் அதேதான். இந்த சர்க்யூட்டில் சுவிட்ச் எந்தப் பங்கைத் தின்கிறதோ அதுவே பெருக்கப் பிழை. இன்னொரு சோதனை, சப்ளை வோல்டேஜைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிப் பார்ப்பது. ஆப்-ஆம்பும் ரெசிஸ்டர்களும் அதற்கு அசையமாட்டா. சுவிட்சின் தடை அசையும், அதோடு பெருக்கமும் அசையும்.

காரணம் தெரிந்ததும் எல்லோருக்கும் உடனே தோன்றும் வைத்தியம் ஒன்று உண்டு. 1,000 ஓமில் 180-ஐக் கழித்தால் 820. அது கடையில் கிடைக்கும் அளவுதான். 1 கிலோ ஓமை எடுத்துவிட்டு 820 ஓமைப் போட்டால் கூட்டல் சரியாகிவிடுமே?

அந்த ஒரு பெட்டிக்கு, அன்றைக்கு, அந்த அறையின் வெப்பத்தில் சரியாகும். 180 என்பது வழக்கமான மதிப்பு மட்டுமே. அதே டேட்டாஷீட்டில் பக்கத்துக் கட்டத்தில், 25 டிகிரியில் அதிகபட்சம் 400 ஓம் வரை போகலாம் என்று தயாரிப்பாளர் எழுதியிருக்கிறார். 400 ஓம் உள்ள ஐசி உங்கள் கைக்கு வந்தால் 820-ஐப் போட்ட பிறகும் பெருக்கம் 82தான். சப்ளையை 15 வோல்ட்டாக ஏற்றினால் வழக்கமான தடை 125 ஓமாகக் குறையும். அப்போது பெருக்கம் 105.8 ஆகிவிடும். வெப்பம் கூடக் கூடத் தடையும் கூடும். 125 டிகிரியில் அதன் அதிகபட்ச வரம்பு 550 ஓம். நிலையாக இருக்கும் பிழையைக் கழித்துவிடலாம். உலைக்கு அருகே வெயிலிலும் சூட்டிலும் கிடக்கும் பெட்டிக்குள் நகர்ந்துகொண்டே இருக்கும் பிழையைக் கழிக்க முடியாது.

அடுத்த வைத்தியம், ரெசிஸ்டர்களைப் பெரிதாக்கி 180-ஐ அற்பமாக்குவது. 1 கிலோ ஓமுக்குப் பதில் 100 கிலோ ஓம் போட்டால் பிழை 0.2 சதவீதத்துக்குள் வந்துவிடும். ஆனால் 100 மடங்கு வேண்டுமென்றால் திரும்பும் வழியில் 10 மெகா ஓம் போட வேண்டும். அதன் இரு முனைகளுக்கிடையே போர்டிலேயே 2 பைக்கோஃபாரட் கொள்ளளவு தானாக உருவாகிவிட்டால்கூட 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெருக்கம் சரியத் தொடங்கும். ரெசிஸ்டர் தானாக உண்டாக்கும் இரைச்சலும் அதன் மதிப்போடு சேர்ந்து ஏறும். சில ஓம் தடை மட்டுமே உள்ள சுவிட்சுகளும் விற்கின்றன. ஆனால் தடை குறைய வேண்டுமென்றால் உள்ளே டிரான்சிஸ்டர் பெரிதாக வேண்டும். விலையும் கொள்ளளவும் கூடவே பெரிதாகும்.

இந்த வைத்தியங்கள் எல்லாம் தடையைக் குறைக்கவோ மறைக்கவோ பார்க்கின்றன. ஓம் விதியில் இன்னொரு பாதியும் இருக்கிறது. தடையில் விழும் வோல்டேஜ் என்பது தடையை மின்னோட்டத்தால் பெருக்கினால் வருவது. மின்னோட்டம் பூஜ்யமானால் தடை 180-ஆக இருந்தால் என்ன, 400-ஆக இருந்தால் என்ன? மாடித் தொட்டியிலிருந்து வரும் ஒல்லிக் குழாயில் தண்ணீர் ஓடும்போது கீழே அழுத்தம் குறையும். ஓட்டத்தை நிறுத்தி அழுத்தத்தை மட்டும் அளந்தால் குழாய் எவ்வளவு ஒல்லி என்பது அளவில் தெரியவே தெரியாது. ஆகவே சுவிட்சை மின்னோட்டம் ஓடாத இடத்துக்கு மாற்ற வேண்டும்.

ஆப்-ஆம்ப் சர்க்யூட்டில் அப்படி ஓர் இடம் தயாராகவே இருக்கிறது: ஆப்-ஆம்பின் உள்ளீட்டுக் கால். அது வோல்டேஜைப் பார்க்குமே தவிர, மின்னோட்டத்தைக் கிட்டத்தட்ட இழுப்பதே இல்லை. புதிய சர்க்யூட்டில் சிக்னல் நேராக ஆப்-ஆம்பின் பிளஸ் உள்ளீட்டுக்குப் போகிறது. அவுட்புட்டிலிருந்து கிரவுண்டு வரை 9 கிலோ ஓம், 900 ஓம், 100 ஓம் என மூன்று ரெசிஸ்டர்கள் ஏணிபோலத் தொடராக நிற்கின்றன. மொத்தம் 10 கிலோ ஓம். மைனஸ் உள்ளீட்டை இந்த ஏணியின் எந்தப் படியில் இணைப்பது என்பதை மட்டும் 4051 தீர்மானிக்கிறது. உச்சியில் இணைத்தால் பெருக்கம் 1. அடுத்த படியில், அதற்குக் கீழே 1,000 ஓம் இருப்பதால், 10. கடைசிப் படியில் கீழே 100 ஓம் மட்டுமே, பெருக்கம் 100.

ஏணியில் ஓடும் மின்னோட்டம் எந்த நிலையிலும் சுவிட்சைத் தொடுவதில்லை. அதனால்தான் 180 ஓம் சுவிட்சுக்குப் பக்கத்தில் 100 ஓம் ரெசிஸ்டரைத் துணிந்து வைக்க முடிகிறது. அந்த 100 ஓமோடு சுவிட்ச் தொடராகச் சேர்ந்திருந்தால் பெருக்கம் 36-க்கு விழுந்திருக்கும். இப்போது பெருக்கத்தைத் தீர்மானிப்பவை மூன்று ரெசிஸ்டர்கள் மட்டுமே. தெர்மோகப்பிள் கம்பியின் சொந்தத் தடையும் இதே காரணத்தால் கணக்கிலிருந்து விலகிவிடுகிறது.

‘கிட்டத்தட்ட’ இழுப்பதில்லை என்றேன். அதையும் அளந்துவிட வேண்டும். ஓபி07 போன்ற துல்லிய ஆப்-ஆம்பின் உள்ளீட்டில் சுமார் 2 நானோஆம்பியர் ஓடும். 180 ஓமில் அது அரை மைக்ரோவோல்ட்டைக்கூடத் தொடாது. கே வகை தெர்மோகப்பிள் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 41 மைக்ரோவோல்ட் தருவதால் இதை மறந்துவிடலாம். ஒலிக்கருவிகளில் பிரபலமான என்இ5532-ஐ அதே இடத்தில் வைத்தால் உள்ளீட்டு மின்னோட்டம் சுமார் 200 நானோஆம்பியர். சுவிட்சில் 36 மைக்ரோவோல்ட் விழும். கிட்டத்தட்ட ஒரு டிகிரி தவறு. இது பெருக்கப் பிழை அல்ல, எல்லா அளவிலும் ஒரேமாதிரி சேரும் பிழை. ஆனாலும் வந்த வழி அதே சுவிட்ச்தான்.

இங்கே ஒரு பொறியும் இருக்கிறது. 4051 ஒரு வழியை முழுதாக மூடிய பிறகே அடுத்ததைத் திறக்கும். அந்த இடைவெளியில் மைனஸ் உள்ளீடு எதோடும் சேராமல் தொங்கும். அவுட்புட் ஒரு கணம் சப்ளை வரை பாயும். இதைத் தடுக்க அவுட்புட்டுக்கும் மைனஸ் உள்ளீட்டுக்கும் நடுவே 1 மெகா ஓம் ரெசிஸ்டரை நிரந்தரமாகப் போடத் தோன்றும். போட்டால் 100 மடங்கில் 3 வோல்ட் அவுட்புட்டிலிருந்து 3 மைக்ரோஆம்பியர் சுவிட்ச் வழியே ஏணிக்கு ஓடும். 180 ஓமில் அது அரை மில்லிவோல்ட்டுக்குச் சற்று மேல். 30 மில்லிவோல்ட் சிக்னலில் 1.8 சதவீதம். வாசலில் விரட்டிய பிழை கொல்லைப்புறமாகத் திரும்பிவிட்டது. பெருக்கத்தை மாற்றியதும் சில மில்லிசெகண்டுகளுக்கு வரும் அளவுகளைப் பெட்டி ஒதுக்கிவிடுவதே எளிய தீர்வு.

எல்லா சர்க்யூட்டிலும் சுவிட்சை இப்படி நகர்த்த முடியாது. மின்னோட்டம் ஓடும் வழியிலேயே அது இருந்தாக வேண்டும் என்றால், டேட்டாஷீட்டின் வழக்கமான மதிப்பை விட்டுவிட்டு அதிகபட்ச மதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சதவீதப் பிழையைப் பொறுத்துக்கொள்வீர்கள் என்றால், தொடரில் நிற்கும் ரெசிஸ்டர் அந்த மதிப்பைப் போல் நூறு மடங்காவது இருக்க வேண்டும். 400 ஓம் என்றால் 40 கிலோ ஓம். நாம் பார்த்த முதல் சர்க்யூட்டில் 100 கிலோ ஓம் மட்டுமே இந்தக் கணக்கில் தேறுகிறது. 10 கிலோ ஓமும் 1 கிலோ ஓமும் சர்க்யூட்டை வரைந்த காகிதத்திலேயே தோற்றுவிட்டன.