மூன்று ஆர்டர்கள், மூன்று விளைவுகள்

ஒரு பங்கை 100 எண்ணிக்கையில் வாங்க ஒருவர் நினைக்கிறார். விற்பவர்களின் வரிசையில் 200 ரூபாய்க்கு 40 பங்குகளும், 200.50-க்கு 30 பங்குகளும், 202-க்கு 30 பங்குகளும் உள்ளன.

மார்க்கெட் ஆர்டர் போட்டால் 100 பங்குகளும் உடனே கிடைத்துவிடும். ஆனால் மூன்று விலைகளிலும் வாங்குவதால் மொத்தம் 20,075 ரூபாய், அதாவது சராசரியாகப் பங்குக்கு 200.75 ரூபாய் ஆகும். திரையில் தெரிந்த 200 முதல் 40 பங்குகளுக்கு மட்டுமே பொருந்தும். வர்த்தகம் குறைவாக நடக்கும் பங்குகளில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகும்.

லிமிட் ஆர்டரில் உச்ச விலையை வாங்குபவரே குறிப்பிடுகிறார். 200.50 என்று போட்டால் 70 பங்குகள் கிடைக்கும். மீதி 30 அந்த விலைக்கு விற்பவர் வரும்வரை காத்திருக்கும். யாரும் வராவிட்டால், ஒருநாள் ஆர்டர் அன்றைய சந்தை முடிந்ததும் ரத்தாகிவிடும்.

ஸ்டாப் லாஸ் ஆர்டர் பெரும்பாலும் கையில் உள்ள பங்கின் நஷ்டத்தைக் கட்டுப்படுத்தப் பயன்படுகிறது. 190 ரூபாயைத் தூண்டு விலையாக வைத்தால், விலை அங்கே இறங்கும்வரை ஆர்டர் உறங்கிக் கிடக்கும். தொட்டதும் விற்பனை ஆர்டராகச் சந்தைக்குள் செல்லும். அது லிமிட் வகையாக, 189-க்குக் கீழே விற்காதபடி இருந்தால், கெட்ட செய்தியால் விலை 191-லிருந்து ஒரே தாவலில் 186-க்கு விழும்போது பங்கு விற்காமலே கையில் நிற்கும். மார்க்கெட் வகையானால் 186-ஐ ஒட்டி விற்றுவிடும். முன்னதில் விலைக்கு உறுதி உண்டு, விற்பனைக்கு இல்லை, பின்னதில் நேர்மாறு.