லேப்புக்கு வராதவளுக்கு ஒரு பக்கம்

பதினோராம் வகுப்பு இயற்பியல் ரெக்கார்டு நோட்டில் தனி ஊசல் சோதனை நான்கைந்து பக்கம் ஓடும். நோக்கம், தேவையான கருவிகள், சூத்திரம், படம், செய்முறை, அட்டவணை, கணக்கீடு, முடிவு என்று எல்லாம் இருக்கும். காய்ச்சலால் அன்று லேப்புக்கு வராத தோழி அந்த நோட்டை வாங்கி அப்படியே பார்த்து எழுதிவிடலாம். எழுதி முடித்த பிறகும் அன்று மேசையில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரிந்திருக்காது. அவளுக்காக அதை நோக்கம், செய்முறை, காட்சிப்பதிவு, முடிவு என்று நான்கே பகுதிகளாக ஒரு பக்கத்தில் சுருக்கித் தர முடியும். எதை விடுவது, எதை விடவே கூடாது என்பதில்தான் வேலை இருக்கிறது.

சோதனை எளிமையானது. ஒரு சிறிய உலோகக் குண்டை நூலில் கட்டி, நூலின் மேல்முனையைப் பிளந்த தக்கைக்குள் இறுக்கித் தாங்கியில் தொங்கவிடுகிறோம். குண்டைச் சற்றே பக்கவாட்டில் இழுத்து விட்டால் ஆடும். ஒருமுறை போய்த் திரும்ப ஆகும் நேரம் அலைவுக்காலம். ஊசலின் நீளத்தை மாற்றி மாற்றி அலைவுக்காலத்தை அளந்தால், அதிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடலாம். சூத்திரம் g = 4π²L/T². நீளத்தை அலைவுக்காலத்தின் வர்க்கத்தால் வகுத்து 39.48-ஆல் பெருக்கினால் விடை.

சுருக்குகிறவர் நோக்கத்திலிருந்து தொடங்கக் கூடாது என்பது என் கருத்து. முதலில் எழுத வேண்டியது காட்சிப்பதிவு. அட்டவணையில் இருக்கும் எண்களில் எவை மேசையருகே எடுக்கப்பட்டவை, எவை பிறகு பேனாவால் வந்தவை என்று பிரிக்க வேண்டும். நூலின் நீளம், குண்டின் விட்டம், 20 அலைவுகளுக்கு நிறுத்துக் கடிகாரம் காட்டிய நேரம் ஆகிய மூன்று மட்டுமே அளந்தவை. அலைவுக்காலமும் அதன் வர்க்கமும் L/T² என்ற விகிதமும் கணக்கில் பிறந்தவை. சுருக்கும்போது பலர் நேர்மாறாகச் செய்கிறார்கள். இடத்தை மிச்சப்படுத்த நேரத்தை விட்டுவிட்டு விகிதத்தை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். விகிதம் இல்லாவிட்டால் தோழி தானே கணக்கிட்டுக்கொள்வாள். நேரம் இல்லாவிட்டால் அவளால் எதையும் சரிபார்க்க முடியாது.

ஒரு குழுவின் அளவுகளை வைத்துப் பார்ப்போம். குண்டின் விட்டம் 2 செ.மீ., அதாவது ஆரம் 1 செ.மீ. ஒவ்வொரு நீளத்துக்கும் இரண்டு முறை 20 அலைவுகளுக்கான நேரத்தை எடுத்தார்கள்.

நூல் 59, ஆரத்துடன் 60 செ.மீ.: 31.2, 31.0 நொடி, சராசரி 31.1
நூல் 79, ஆரத்துடன் 80 செ.மீ.: 36.0, 35.8 நொடி, சராசரி 35.9
நூல் 99, ஆரத்துடன் 100 செ.மீ.: 40.1, 40.3 நொடி, சராசரி 40.2

காட்சிப்பதிவு இவ்வளவுதான். சராசரியை 20-ஆல் வகுத்தால் அலைவுக்காலம் முறையே 1.555, 1.795, 2.010 நொடி. நீளத்தை மீட்டரில் எடுத்து அவற்றின் வர்க்கத்தால் வகுத்தால் 0.2481, 0.2483, 0.2475 வரும். மூன்றின் சராசரி 0.248. அதை 39.48-ஆல் பெருக்கினால் 9.79. இந்தக் கணக்குக்கு இரண்டு வரி போதும்.

'நூல் 59, ஆரத்துடன் 60' என்று ஏன் நீட்டி எழுத வேண்டும், 60 என்று மட்டும் எழுதினால் ஆகாதா? ஊசலின் நீளம் என்பது தக்கையின் அடிவிளிம்பிலிருந்து குண்டின் மையம் வரை. பலர் குண்டின் தலைவரை மட்டும் அளந்துவிட்டு நின்றுவிடுவார்கள். மேலே உள்ள அதே நேரங்களுக்கு 59, 79, 99 என்று நீளம் போட்டுப் பாருங்கள். g சுமார் 9.66-க்கு இறங்கிவிடும். வெறும் 60 என்று இருந்தால் ஆரம் சேர்க்கப்பட்டதா என்று வராதவளுக்குத் தெரிய வழியில்லை.

இதைவிடப் பொல்லாத பிழை எண்ணிக்கையில் இருக்கிறது. குண்டு நடுக்கோட்டைக் கடக்கும்போது கடிகாரத்தை அழுத்துகிறோம். அந்தக் கணத்தில் சொல்ல வேண்டியது 'பூஜ்யம்'. பழக்கத்தால் 'ஒன்று' என்று தொடங்கிவிட்டால், 'இருபது' என்று சொல்லும்போது உண்மையில் 19 அலைவுகளே முடிந்திருக்கும். அப்போது மூன்று நேரங்களும் ஏறத்தாழ 29.5, 34.1, 38.2 நொடி என்று குறைந்து வரும். அட்டவணை அழகாகவே இருக்கும். மூன்று விகிதங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகும். வரைபடம் போட்டாலும் கோடு நேராக வந்து ஆதிப்புள்ளியைத் தொடும். ஆனால் விடை 10.85 என்று நிற்கும். பிழை எல்லா வரிசைகளிலும் ஒரே விகிதத்தில் இருப்பதால் அட்டவணைக்குள் அதைக் கண்டுபிடிக்க முடியாது. 'நடுக்கோட்டைக் கடந்தபோது பூஜ்யம் என்று தொடங்கி எண்ணினோம்' என்ற ஒரு வரி செய்முறையில் இருந்தால் அந்தச் சந்தேகம் எழாது.

இதனால்தான் காட்சிப்பதிவுக்கு அடுத்தபடியாகச் செய்முறையை எழுதச் சொல்கிறேன். எண்களை மாற்றக்கூடிய செயல்கள் எவை என்று அப்போதுதான் கண்ணில் படும். தாங்கியை மேசை ஓரத்தில் வைத்ததும் நூலின் நிறமும் எண்ணை மாற்றாது, விட்டுவிடலாம். எங்கிருந்து எங்கே அளந்தோம், எந்த இடத்தில் எண்ணத் தொடங்கினோம், எவ்வளவு தூரம் இழுத்து விட்டோம் என்பவை எண்ணை மாற்றும். குண்டைச் சுமார் 10 பாகைக்குள் இழுத்து விட்டால் அலைவுக்காலம் 0.2 சதவீதம்கூட மாறாது. ஆர்வத்தில் 30 பாகைக்கு இழுத்தால் அலைவுக்காலம் ஏறக்குறைய 1.7 சதவீதம் கூடும், விடையோ 3 சதவீதத்துக்கு மேல் குறையும். சூத்திரமே சிறிய அலைவுக்குத்தான் பொருந்தும்.

இருபது அலைவுகள் ஏன் என்பதற்கும் அரை வரி ஒதுக்கலாம். கடிகாரத்தை அழுத்தும் விரல் 0.2 நொடி முந்தினாலும் பிந்தினாலும், ஒரே அலைவை அளக்கிறவருக்கு 1.555 நொடியில் அது 13 சதவீதப் பிழை. இருபது அலைவுகளின் மேல் பரவும்போது அதே பிழை 0.6 சதவீதமாகச் சுருங்கிவிடும். நடுக்கோட்டில் எண்ணுவதற்கும் காரணம் உண்டு. குண்டு அங்கேதான் மிக வேகமாகப் போகிறது. அதனால் கடக்கும் கணம் தெளிவாகத் தெரியும். ஓரத்தில் அது தயங்கித் திரும்புவதால் எப்போது அழுத்துவது என்று கை குழம்பும்.

செய்முறையின் மொழியிலும் ஒரு மாற்றம் வேண்டும். ரெக்கார்டு நோட்டில் 'குண்டு தொங்கவிடப்படுகிறது', 'நேரம் கணக்கிடப்படுகிறது' என்று யாரோ எங்கோ செய்வதுபோல இருக்கும். சுருக்கத்தில் 'தொங்கவிட்டோம்', 'எண்ணினோம்' என்று எழுத வேண்டும். அப்படி எழுதும்போதுதான் புத்தகத்தில் இருந்தும் அன்று நாம் செய்யாமல் விட்டது ஏதாவது உண்டா என்று மனம் தேடும். ஐந்து நீளங்களுக்கு எடுக்கச் சொல்லியிருந்து, மணி அடித்ததால் மூன்றோடு நிறுத்தியிருந்தால், மூன்று என்றே எழுத வேண்டும்.

இனி முடிவு. 'புவியீர்ப்பு முடுக்கம் 9.8 மீட்டர்/நொடி² என நிரூபிக்கப்பட்டது' என்ற வரியை எத்தனையோ நோட்டுகளில் பார்க்கலாம். இந்த மூன்று வரிசைகள் எதையும் நிரூபிக்கவில்லை. எங்கள் அளவீட்டில் 9.79 கிடைத்தது என்பது மட்டுமே அட்டவணை தாங்கக்கூடிய வாக்கியம். அதோடு, நீளம் கூடக்கூட அலைவுக்காலத்தின் வர்க்கமும் அதே விகிதத்தில் கூடியது என்றும் சொல்லலாம். மூன்று விகிதங்களும் நெருக்கமாக இருப்பதே அதற்குச் சான்று. குண்டின் எடை அலைவுக்காலத்தை மாற்றாது என்பது உண்மைதான், பாடத்திலும் இருக்கிறது. ஆனால் அன்று ஒரே குண்டைத்தான் பயன்படுத்தினார்கள். எனவே அந்த உண்மைக்கு இந்த முடிவில் இடமில்லை.

பார்த்ததைப் பார்த்தபடி எழுதி, விளக்கத்தை அதோடு கலக்காமல் வைத்ததால் என்ன நடக்கும் என்பதற்கு இதே ஊசலின் வரலாற்றில் ஒரு சான்று உண்டு. 1672-இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் நிலநடுக்கோட்டுக்கு அருகில் தென் அமெரிக்காவின் கயேன் நகரில் இருந்தார். பாரிஸில் சரியாக ஓடும்படி அமைத்த ஊசல் கடிகாரம் அங்கே நாளொன்றுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கியது. சரியான நேரம் காட்ட ஊசலைச் சற்றுக் குறுக்க வேண்டியிருந்தது. அவர் அதை அளந்து பதிவு செய்தார். கயேனுக்குப் போகாத நியூட்டன், 1687-இல் வெளியான தம் நூலில் அந்தப் பதிவை எடுத்துக்கொண்டார். வெப்பத்தால் ஊசல் நீண்டிருக்கலாமே என்ற ஐயத்தைக் கணக்கிட்டுப் பார்த்து, இவ்வளவு வேறுபாட்டுக்கு அது போதாது என்று காட்டினார். பூமி நிலநடுக்கோட்டில் புடைத்திருக்கிறது, அங்கே ஈர்ப்பு குறைவு என்ற தம் வாதத்துக்கு அதைத் துணையாக்கினார். கடிகாரம் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி ரிஷே எண்ணைத் திருத்தியிருந்தால், நியூட்டனுக்கு அந்தச் சான்று கிடைத்திருக்காது.

நம் சென்னையில் g சுமார் 9.78. பாரிஸில் 9.81. பள்ளிக்கூடத்து நூலும் கடிகாரமும் இந்த இரண்டையும் வேறுபடுத்திக் காட்டும் அளவுக்கு நுட்பமானவை அல்ல. எனவே 9.79 வந்த குழு 9.8 என்று திருத்திக்கொள்ளவும் வேண்டாம், உண்மை மதிப்பைத் தொட்டுவிட்டோம் என்று எழுதவும் வேண்டாம்.

நோக்கத்தைக் கடைசியில் எழுதினால் அது ஒரே வரியில் வந்துவிடும். முடிவு எந்தக் கேள்விக்குப் பதிலோ அதுவே நோக்கம். 'தனி ஊசலைப் பற்றி அறிதல்' என்று எழுதினால் எந்த முடிவும் அதற்குப் பொருந்திவிடும். எழுதி முடித்து, வரிசையை நேராக்கிய பிறகு அந்தப் பக்கம் இப்படி இருக்கலாம்:

நோக்கம்: தனி ஊசலைக் கொண்டு நம் ஆய்வகத்தில் புவியீர்ப்பு முடுக்கத்தைக் காண்பது.

செய்முறை: குண்டின் விட்டத்தை வெர்னியர் அளவியால் அளந்தோம். தக்கையின் அடியிலிருந்து குண்டின் மையம் வரை 60 செ.மீ. இருக்கும்படி தொங்கவிட்டோம். 10 பாகைக்கு மிகாமல் இழுத்து விட்டோம். நடுக்கோட்டைக் கடந்தபோது பூஜ்யம் என்று தொடங்கி 20 அலைவுகளுக்கு நேரம் எடுத்தோம், இரண்டு முறை. 80, 100 செ.மீ. நீளங்களுக்கும் அப்படியே செய்தோம்.

காட்சிப்பதிவு: விட்டம் 2 செ.மீ. சராசரி நேரம் 60 செ.மீ.-க்கு 31.1, 80 செ.மீ.-க்கு 35.9, 100 செ.மீ.-க்கு 40.2 நொடி. (ஒவ்வொன்றின் இரு அளவுகளும் பின்பக்கம் இருக்கின்றன.)

முடிவு: L/T² மூன்றிலும் ஏறத்தாழ ஒன்றே, சராசரி 0.248. எங்களுக்குக் கிடைத்த g 9.79 மீட்டர்/நொடி².

இதற்குக் கீழே 90 செ.மீ.-க்கு ஒரு வரிசையை வெறுமையாக விட்டுக் கொடுக்கலாம். கனமான ஒரு நட்டை நூலில் கட்டிக் கதவு நிலையில் தொங்கவிட்டு, கைப்பேசியில் இருக்கும் நிறுத்துக் கடிகாரத்தால் அவள் வீட்டிலேயே அளந்து பார்க்க முடியும். மேலே உள்ள எண்கள் சரியென்றால் 20 அலைவுகளுக்கு 38.1 நொடியை ஒட்டி வர வேண்டும். 36.2-ஐ ஒட்டி வந்தால் அவள் ஒன்றிலிருந்து எண்ணியிருக்கிறாள்.