உடைந்த முறுக்கின் விலையை யார் தாங்குவது?

தீபாவளிக்கு முறுக்கு சுட்டு விற்கும் சிறு பட்டறைகள் தோட்டப் பகுதிகளிலும் தாமான்களிலும் பல உண்டு. மாவு, எண்ணெய், கேஸ், ஆள் கூலி எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைப்பார்கள். ஆனால், கூடையின் அடியில் சேரும் உடைசல் முறுக்கைக் கணக்கில் எங்கே எழுதுவது என்பதில்தான் குழப்பம் வரும். அதை எழுதும் இடம் மாறினால், ஒரு கிலோவின் அடக்கவிலையே மாறிவிடும்.

இதற்குச் செய்முறை அடக்கவிலைக் கணக்கு என்று ஒரு முறை இருக்கிறது. பொருள் ஒவ்வொரு கட்டமாக நகரும்போது, முந்திய கட்டத்தின் செலவும் அதனுடன் சேர்ந்து அடுத்த கட்டத்துக்குப் போகும். முறுக்குப் பட்டறையில் மாவு பிசைந்து சுடுவது முதல் கட்டம். சுட்டதை ஆறவைத்து, உடைந்ததைப் பிரித்து, நல்லதை எடை போட்டு வைப்பது இரண்டாம் கட்டம். உடைசல் பெரும்பாலும் இரண்டாம் கட்டத்தில்தான் தெரியவரும்.

ஒரு சிறு பட்டறையின் ஒரு நாள் கணக்கை எடுத்துக்காட்டாகப் பார்ப்போம். அன்று சட்டியிலிருந்து இறங்கிய முறுக்கு 200 கிலோ. அதைச் சுட்டு முடிக்க ஆன மொத்தச் செலவு 1,800 வெள்ளி. ஆறவைத்துப் பிரிக்கும் கட்டத்தில் ஆள் கூலி, மின்சாரம், இடவாடகைப் பங்கு என மேலும் 330 வெள்ளி. ஆக மொத்தம் 2,130 வெள்ளி. பிளாஸ்டிக் பைக்கான செலவு இதில் இல்லை. அது நல்ல முறுக்குக்கு மட்டும் பிறகு சேரும்.

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் முறுக்கு கொஞ்சம் உடையத்தான் செய்யும். இந்தப் பட்டறையில் வழக்கமாக நூற்றுக்கு 5 கிலோ உடைகிறது. அப்படியென்றால் 200 கிலோவுக்கு 10 கிலோ. இதுதான் இயல்பான இழப்பு. உடைசலைத் தனிப் பொட்டலமாகக் கட்டி, கிலோ 4 வெள்ளிக்கு விற்கிறார்கள். இதைக் கழிவு மதிப்பு என்பார்கள். 10 கிலோவுக்கு 40 வெள்ளி கிடைக்கும்.

இயல்பான இழப்பு தொழிலோடு பிறந்தது. அதன் செலவை நல்ல முறுக்குதான் தாங்க வேண்டும். எனவே மொத்தச் செலவு 2,130 வெள்ளியிலிருந்து 40 வெள்ளியைக் கழிக்க வேண்டும். மீதி 2,090 வெள்ளியை, எதிர்பார்க்கும் நல்ல முறுக்கு 190 கிலோவால் வகுக்க வேண்டும். கிலோ 11 வெள்ளி வருகிறது.

உடைசலை மறந்துவிட்டு 2,130 வெள்ளியை 200 கிலோவால் வகுத்தால் 10 வெள்ளி 65 காசுதான் வரும். அந்தக் கணக்கை நம்பி விலை வைப்பவர், ஒவ்வொரு கிலோவிலும் 35 காசை அறியாமலே விட்டுக்கொடுக்கிறார்.

அன்று நடந்தது வேறு. முறுக்கு ஆறுவதற்கு முன்பே கூடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டார்கள். அடிக் கூடையில் இருந்தவை நொறுங்கின. எடை போட்டபோது நல்ல முறுக்கு 170 கிலோதான் தேறியது. உடைசல் 30 கிலோ. அதில் 10 கிலோ இயல்பானது. மீதி 20 கிலோ இயல்பற்ற இழப்பு. கவனமாக இருந்திருந்தால் தவிர்த்திருக்கலாம்.

இந்த 20 கிலோவை நல்ல முறுக்கைப் போலவே கிலோ 11 வெள்ளிக்கு மதிப்பிட வேண்டும். அது 220 வெள்ளி. உடைசலாக விற்றதில் 80 வெள்ளி திரும்பி வந்தது. மீதி 140 வெள்ளி லாப நட்டக் கணக்கில் தனி நட்டமாகப் போய் உட்காரும். நல்ல முறுக்கின் விலை அதே 11 வெள்ளிதான், மாறாது.

கணக்கு சரியா என்று பார்ப்பதும் எளிது. நல்ல முறுக்கு 170 கிலோவுக்கு 1,870 வெள்ளி, இயல்பற்ற இழப்பு 220 வெள்ளி, இயல்பான உடைசல் விற்ற பணம் 40 வெள்ளி. மூன்றையும் கூட்டினால் 2,130 வெள்ளி. போட்ட செலவு முழுவதும் வந்துவிட்டது.

பலர் இரண்டு இழப்பையும் பிரிக்காமல் ஒன்றாகப் போட்டுவிடுகிறார்கள். உடைசல் 30 கிலோ விற்ற 120 வெள்ளியை மொத்தச் செலவில் கழித்து, மீதி 2,010 வெள்ளியை 170 கிலோவால் வகுத்தால் கிலோ 11 வெள்ளி 82 காசு வரும். கூடுதலாகத் தெரியும் அந்த 82 காசு எங்கிருந்து வந்தது? கூடையை அடுக்கியதால் வந்த 140 வெள்ளி நட்டம்தான் 170 கிலோவிலும் பரவி ஒளிந்துகொண்டிருக்கிறது.

இதன் விளைவு வியாபாரத்தில் தெரியும். ஒரு மளிகைக் கடைக்காரர் மொத்தமாக வாங்க வருகிறார். பையில் கட்டாத முறுக்கைக் கிலோ 12 வெள்ளிக்குக் கேட்கிறார். அடக்கவிலை 11 வெள்ளி 82 காசு என்று நினைப்பவர், 18 காசுக்கா இந்தப் பாடு என்று ஆர்டரை விட்டுவிடுவார். உண்மையில் கூடையை ஒழுங்காக வைத்தால் கிலோவுக்கு ஒரு வெள்ளி நிற்கும். நட்டத்தைத் தனியாக எழுதியவர் வேறொன்றையும் பார்ப்பார்: ஒரு நாள் அவசரத்தின் விலை 140 வெள்ளி. கூடை வைக்க இரண்டு தட்டு அடிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய அந்த எண் போதும்.

சில நாள்களில் உடைசல் குறைவாகவும் இருக்கும். 10 கிலோ எதிர்பார்த்த இடத்தில் 6 கிலோ மட்டும் உடைந்தால் 4 கிலோ இயல்பற்ற ஆதாயம். அதன் மதிப்பு 44 வெள்ளி. ஆனால் அந்த 4 கிலோ உடைசலை விற்று வந்திருக்க வேண்டிய 16 வெள்ளி வரவில்லை. எனவே உண்மையான ஆதாயம் 28 வெள்ளி.

எல்லாமே அந்த நூற்றுக்கு 5 என்ற அளவைப் பொறுத்தது. அதைக் கண்மதிப்பில் வைக்கக்கூடாது. சில வாரங்களுக்கு நாள்தோறும் உடைசலை எடை போட்டு, விபத்து நடந்த நாள்களை ஒதுக்கிவிட்டு, மற்ற நாள்களின் சராசரியை எடுக்க வேண்டும். தேன்குழலுக்கு ஓர் அளவு, கைமுறுக்குக்கு வேறோர் அளவு வரலாம். நட்டம் கண்ணில் படக்கூடாது என்று இயல்பான அளவை நூற்றுக்கு 15 ஆக உயர்த்தினால், மீண்டும் அதே 11 வெள்ளி 82 காசில்தான் வந்து நிற்கும்.

கழிவு மதிப்பிலும் கவனம் தேவை. கையில் உண்மையாக வந்த விலையைத்தான் எழுத வேண்டும். கருகியதையும் நமத்துப்போனதையும் யாரும் வாங்குவதில்லை என்றால் அதன் மதிப்பு சுழியம். கச்சாங் பூத்தேவுக்குக் கடலை வறுப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வறுக்கும்போது ஈரம் ஆவியாகி எடை குறைகிறது. அதுவும் இயல்பான இழப்புதான், ஆனால் ஆவியை விற்க முடியாது. அங்கே கழிப்பதற்கு எதுவும் இல்லாததால், முழுச் செலவையும் தேறிய கடலையே சுமக்கும்.

இந்தக் கணக்குக்குத் தேவை ஒரு தராசும் ஒரு நோட்டும்தான். சட்டியிலிருந்து இறங்கிய எடை, தேறிய எடை, உடைசல் எடை, உடைசல் விற்ற பணம் என நான்கு எண்களை அன்றன்றே எழுத வேண்டும். உடைசல் விற்ற காசு கல்லாவுக்குப் போகாமல் சட்டைப்பையில் விழுந்தால், நான்காவது எண் பொய்யாகிவிடும். அதோடு கிலோவின் விலையும் பொய்யாகும்.