கம்பி அறுந்தால் பெட்டி என்ன நினைக்கும்?

எங்கள் பள்ளி தர்மபுரி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் உள்ளது. குடிக்க ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிறது. கழிவறைக்கும் கை கழுவவும் ஆழ்துளைக் கிணற்று நீர்தான். இங்கே அடியில் இருப்பது கடினப் பாறை. பாறை வெடிப்புகளில் ஊறும் நீரே கிணற்றுக்கு வருகிறது. கோடையில் அரை மணி நேரம் மோட்டார் ஓடினால் நீர் தீர்ந்துவிடும்; மீண்டும் ஊற நேரம் வேண்டும். அப்படி ஒரு நாள் மோட்டாரைப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போனோம். மாலையில் திரும்பிப் பார்த்தபோது மோட்டார் எரிந்திருந்தது. நீர்மூழ்கி மோட்டாரைக் குளிர்விப்பதும், அதன் பம்பின் தாங்கிகளுக்கு வழவழப்பு தருவதும் அதைச் சுற்றியுள்ள நீர்தான். நீர் இல்லாமல் ஓடியதால் எரிந்துவிட்டது. புதிய மோட்டார் வந்து இறக்கும் வரை கழிவறைக்கு வாளியில் நீர் சுமந்தோம்.

அதன் பிறகே அறிவியல் மன்ற மாணவர்களோடு தானியங்கிக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்யும் வேலையைத் தொடங்கினேன்.

தொட்டிக்குள் மூன்று உணர்கம்பிகள் தொங்குகின்றன. நீளமான பொதுக்கம்பி அடிவரை செல்லும். நடுக்கம்பி தொட்டியின் கால் பங்கு உயரத்தில் முடியும். குட்டையான மேல்கம்பி, வழியும் குழாய்க்குப் பத்து செ.மீ. கீழே முடியும். கிணற்று நீரில் உப்புகள் கரைந்திருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்தும். பொதுக்கம்பிக்கும் மற்றொரு கம்பிக்கும் இடையே நீர் இருந்தால் மிகச் சிறிய மின்னோட்டம் பாயும். அதை டிரான்சிஸ்டர் பெருக்கி ரிலேயை இயக்கும்.

மேல்கம்பி ஒன்று மட்டும் போதாதா என்று மாணவர்கள் கேட்டார்கள். போதாது. நீர்மட்டம் அந்தக் கம்பியின் நுனியில் அலையும்போது தொட்டால் நிற்கும், விலகினால் ஓடும். மோட்டார் நிமிடத்துக்குப் பலமுறை துடிக்கும். எனவே பெட்டிக்கு நினைவு தேவை. நீர் நடுக்கம்பியை விட்டு இறங்கினால் மட்டுமே மோட்டார் ஓடத் தொடங்க வேண்டும். மேல்கம்பியைத் தொட்டால் மட்டுமே நிற்க வேண்டும். இடையில் எந்த மட்டத்தில் இருந்தாலும் முன்பிருந்த நிலையே தொடர வேண்டும். ரிலேயின் ஒரு தொடுமுனை வழியாக அதன் சுருளுக்கே மின்சாரம் கொடுத்து இந்த நினைவை உண்டாக்கினோம்.

எங்கள் மோட்டார் இருபது லிட்டர் வாளியை முப்பது வினாடியில் நிரப்பியது. அதாவது நிமிடத்துக்கு 40 லிட்டர். தொட்டி 2,000 லிட்டர். நடுக்கம்பிக்கும் மேல்கம்பிக்கும் இடையே சுமார் 1,400 லிட்டர். ஆகவே ஒருமுறை நிரம்ப 35 நிமிடம்.

அடுத்தது வறண்ட ஓட்டத்திலிருந்து பாதுகாப்பு. கிணற்றுக்குள் கம்பி இறக்கலாம். ஆனால் 120 மீட்டர் ஆழத்தில் மோட்டாரோடு சேர்த்துக் கட்டிய கம்பி பழுதானால் எல்லாவற்றையும் மேலே இழுக்க வேண்டும். நாங்கள் தொட்டிக்கு மேலேயே பார்த்துக்கொண்டோம். நீர் வந்து விழும் குழாயின் அடியில் ஒரு சிறு பிளாஸ்டிக் கிண்ணத்தைப் பொருத்தி, அடியில் மூன்று மி.மீ. துளை இட்டு, உள்ளே இரண்டு கம்பிகள் வைத்தோம். நீர் வந்துகொண்டிருந்தால் கிண்ணம் நிறைந்தே இருக்கும். நின்றால் ஒரு நிமிடத்துக்குள் வடிந்துவிடும். மோட்டார் ஓடும்போது கிண்ணம் காலியாக இருந்தால் ஒரு டைமர் எண்ணத் தொடங்கும். குறித்த நேரத்துக்குள் நீர் வராவிட்டால் மோட்டார் நின்று சிவப்பு விளக்கு எரியும்.

அந்த நேரம் எவ்வளவு? 32 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயில் ஒரு மீட்டருக்கு 0.8 லிட்டர் நீர் பிடிக்கும். 120 மீட்டருக்கு 96 லிட்டர். குழாய் முழுவதும் காலியாக இருந்தாலும் நிமிடத்துக்கு 40 லிட்டர் வீதம் இரண்டரை நிமிடத்துக்குள் நீர் மேலே வந்துவிட வேண்டும். மூன்று நிமிடம் வைத்தோம். மோட்டாருக்கு மேலுள்ள திரும்பாத வால்வு நன்றாக இருந்தால் குழாயில் எப்போதும் நீர் நிற்கும். சில வினாடிகளிலேயே விழும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு நிமிடம் போதும். நேரம் எவ்வளவு குறைவோ, மோட்டாருக்கு அவ்வளவு நல்லது. விளக்கு எரிந்த பிறகு மோட்டார் தானாக மீண்டும் ஓடாது. ஒருவர் வந்து பொத்தானை அழுத்த வேண்டும். தானாக ஓட விட்டால் வறண்ட கிணற்றில் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டே இருக்கும்.

பெட்டி நன்றாக வேலை செய்தது. ஒரு மாணவி மட்டும் கேட்டாள்: "சார், கம்பி அறுந்துபோனா பெட்டி என்ன நெனைக்கும்?"

நான் அதை யோசித்திருக்கவில்லை. பெட்டி நீரைப் பார்ப்பதில்லை. மின்னோட்டம் பாய்கிறதா இல்லையா என்பது மட்டுமே அதற்குத் தெரியும். கரும்பலகையில் ஒவ்வொரு கம்பியாக எழுதிப் பார்த்தோம். கிண்ணக் கம்பி அறுந்தால் நீர் வரவில்லை என்று நினைத்து மோட்டாரை நிறுத்தும். அது பாதுகாப்பான தவறு. மேல்கம்பி அறுந்தால் தொட்டி நிரம்பவே இல்லை என்று நினைக்கும், நீர் வழியும். பொதுக்கம்பி அறுந்தால் தொட்டி முழுதும் காலி என்று நினைத்து ஓட்டிக்கொண்டே இருக்கும்.

இரண்டு மாதத்தில் அதுவே நடந்தது. காலையில் தூய்மைப் பணியாளர் அக்கா, "சார், தொட்டி வழிஞ்சு மைதானமே சேறாயிடுச்சு" என்றார். கம்பிகளை வெளியே எடுத்தோம். நாங்கள் போட்டிருந்தவை தாமிரக் கம்பிகள். நேர்மின் முனையில் இணைத்திருந்த பொதுக்கம்பி பச்சை படிந்து, கரைந்து, இற்றுப் போயிருந்தது. மற்ற இரண்டிலும் வெள்ளைச் சுண்ணப் படிவு. பாடத்தில் நடத்தும் மின்னாற்பகுப்புதான், நேர்மின்வாய் கரையும். கரையும் கம்பியும், அறுந்தால் அதிகத் தொல்லை தரும் கம்பியும் ஒன்றாக இருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை.

கம்பிகளைத் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றினோம். கம்பிகளுக்கு நேர்மின்சாரத்துக்குப் பதிலாக, மின்மாற்றியிலிருந்து 12 வோல்ட் மாறுமின்சாரம் கொடுத்தோம். திசை மாறி மாறிப் பாய்வதால் எந்தக் கம்பியும் தொடர்ந்து நேர்மின்வாயாக இருப்பதில்லை. இன்னொரு டைமரையும் சேர்த்தோம். நிரம்ப 35 நிமிடம்தானே ஆகும்? கம்பிகள் என்ன சொன்னாலும் 50 நிமிடத்தில் மோட்டார் நின்றுவிடும்.

மீதமிருப்பது கிண்ணம். அதன் துளையைச் சுண்ணம் அடைத்துவிட்டால் நீர் வடியாது. கிணறு வறண்டாலும் நீர் வருகிறது என்றே பெட்டி நம்பும். பழைய மோட்டாருக்கு நேர்ந்ததே மீண்டும் நேரும். வெளியிலிருந்து பார்த்தால் எந்த அறிகுறியும் தெரியாது. அதனால் மாதத்தின் முதல் திங்கட்கிழமை, மோட்டார் ஓடும்போது நீர் விழும் குழாயைக் கிண்ணத்திலிருந்து விலக்குகிறோம். நான்கு நிமிடத்துக்குள் மோட்டார் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துத் துளையைச் சுத்தம் செய்கிறோம்.

செய்ய நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒன்று. மாணவர்கள் தொடுவது 12 வோல்ட் பகுதியை மட்டுமே. பெட்டியில் உள்ள சிறு ரிலே மோட்டாரை நேரடியாக இயக்கக்கூடாது. மோட்டார் தொடங்கும்போது இழுக்கும் அதிக மின்னோட்டத்தில் அதன் தொடுமுனைகள் ஒட்டிக்கொள்ளும். பிறகு எந்த டைமராலும் நிறுத்த முடியாது. ரிலே ஒரு கான்டாக்டரை இயக்க, அது மோட்டாரை இயக்க வேண்டும். அந்த 230 வோல்ட் பகுதியைத் தகுதி பெற்ற மின்பணியாளரே இணைக்க வேண்டும். தொட்டி மீது ஏறுவதும் பெரியவர்களின் வேலை.

அந்த மாணவியின் கேள்வியை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டியிருக்கிறோம். புதிதாக ஒரு கம்பி சேர்க்கும் முன் அதைப் படித்துவிட்டே சேர்க்கிறோம்.