குடும்பக் குரூப்புக்கு ஒரு லட்டு விளம்பரம்

நெய் ஊற்றுகிறார்கள், லட்டு உருளுகிறது, ஒரு குழந்தை சிரிக்கிறது, விலை மின்னி மறைகிறது, கடைசியில் ஒரு கியூஆர் குறியீடு. 15 நொடியில் ஒன்பது காட்சிகள். தீபாவளி நேரத்தில் ஊர் இனிப்புக் கடைகள் இன்ஸ்டாகிராமுக்காக எடுக்கும் ரீல்ஸ் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். அதே வீடியோவை வாட்ஸ்அப் குடும்பக் குரூப்களிலும் தட்டிவிடுவார்கள். அங்கே அதைப் பார்ப்பவர் பெரியப்பாவோ அத்தையோ. சொந்தக்காரர் வீடுகளுக்கு எத்தனை பெட்டி அனுப்புவது என்று முடிவு செய்கிறவரும் பல வீடுகளில் அவர்தான். ஆனால் வீடியோ ஓடி முடிந்ததும் அவர் மனதில் நிற்பது லட்டு மட்டுமே. எந்தக் கடை, என்ன விலை, யாரிடம் சொல்வது என்பதெல்லாம் போய்விடும்.

எடிட்டரிடம் சொன்னால் அவர் முதலில் செய்வது, வேகத்தைப் பாதியாகக் குறைப்பது. அப்போது லட்டு மெதுவாக உருளும், பேசுகிறவர் தூக்கத்தில் பேசுவதுபோல இழுப்பார், எழுத்துகள் அதே நெரிசலில்தான் இருக்கும். நிதானம் வேண்டுமென்றால் காட்சிகளைக் குறைக்க வேண்டும். திரையில் வரும் ஒரு வரியை வாய்விட்டு இரண்டு முறை படித்துப் பாருங்கள். அவ்வளவு நேரம் அந்த வரி அசையாமல் நிற்க வேண்டும். ‘இனிப்புப் பெட்டி ஒரு கிலோ 600 ரூபாய்’ என்பதை இரண்டு முறை படிக்க ஏழெட்டு நொடி ஆகிறது. கடை பெயர், பெட்டியும் விலையும், எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும், போன் எண் என்று நான்கு வரி வைத்தால் அரை நிமிடம் போய்விடும். ஒன்பது காட்சிகளில் ஐந்து வெளியேறும். குழந்தையின் சிரிப்பை விட எடிட்டருக்கு மனம் வராது. விடத்தான் வேண்டும்.

எழுத்தளவில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. போன் அமைப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் அரட்டையில் வரும் எழுத்து பெரிதாகும். வீடியோவுக்குள் பதிந்த எழுத்து அப்படியே இருக்கும். நிற்கும் வீடியோவின் அகலம் வழக்கமாக 1080 பிக்சல். போன் திரையின் அகலம் ஏறத்தாழ ஏழு சென்டிமீட்டர். 40 பிக்சல் எழுத்து எடிட்டரின் பெரிய திரையில் எடுப்பாகத் தெரியும், போனில் இரண்டரை மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். அதற்கு மேல், அனுப்பும்போது வாட்ஸ்அப் வீடியோவைச் சுருக்குகிறது. மெல்லிய எழுத்தின் சுழிகள் அடைத்துக்கொண்டால் ‘ண’வும் ‘ன’வும் ஒன்றாகும், 600 என்பது 800 ஆகத் தெரியும். 90 பிக்சலுக்குக் குறையாத தடித்த எழுத்து என்றால் தப்பிக்கலாம். அந்த அளவில் ஒரு வரிக்குப் பத்துப் பன்னிரண்டு தமிழ் எழுத்துதான் கொள்ளும் என்பதால், ‘பாரம்பரியச் சுவையில் தயாரிக்கப்பட்ட’ போன்ற வால்கள் தாமாகவே அறுந்துவிடும். லட்டின் மீதே மஞ்சள் எழுத்தை ஓட விடவும் கூடாது. வயதானால் கண்ணின் லென்ஸ் பழுப்பேறி, ஒத்த நிறங்களைப் பிரித்தறிவது கடினமாகிறது. கரும் பட்டையின் மேல் வெள்ளை எழுத்து போதும்.

காதும் அப்படித்தான். வயதாகும்போது முதலில் மங்குவது கீச்சென்ற உயர் ஒலிகள். அந்தச் செவிக்கு, பின்னணி நாதஸ்வரத்தோடு சேர்ந்து வரும் பேச்சைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. பேசும்போது இசையை நிறுத்திவிடலாம். ஒருவர் பேசி முடித்த பிறகு இசை வரட்டும்.

வீடியோ தானாக இறங்காத போனில் முதலில் தெரிவது ஒரு மங்கல் படமும் நடுவில் ஒரு பொத்தானும்தான். நட்டநடுவில் கடை பெயரை வைத்தால் பொத்தான் அதை மறைத்துவிடும். சற்று மேலே வைக்க வேண்டும். கியூஆர் குறியீட்டை எடுத்தே விடலாம். கையில் இருக்கும் போனில் வந்த குறியீட்டை அதே போனின் கேமராவால் எப்படிப் பிடிப்பது? ‘பயோவில் லிங்க்’ என்பதற்கும் இங்கே பொருளில்லை. போன் எண் வீடியோவின் கடைசியில் நிற்கட்டும். வீடியோவோடு அனுப்பும் குறிப்பிலும் தட்டச்சாக இருக்கட்டும், அதைத் தொட்டால் அழைத்துவிடலாம். ஃபார்வர்டு செய்கிறவர் குறிப்பை நீக்கிவிடக்கூடும் என்பதால்தான் இரண்டு இடம்.

முடித்ததும் இரண்டு மூன்று பேர் வழியாகச் சுற்றவிட்டு, ஒரு பழைய போனில் வாங்கி, அறுபதைத் தாண்டிய ஒருவரிடம் ஒரே ஒரு முறை காட்டுங்கள். ‘புரிஞ்சுதாம்மா?’ என்று கேட்காதீர்கள். மரியாதைக்குப் ‘புரிஞ்சுதுப்பா’ என்பார். போனை வாங்கிக்கொண்டு, எந்தக் கடை, என்ன விலை, எப்படிச் சொல்லணும் என்று கேளுங்கள். விலையில் தடுமாறினால் அந்தக் காட்சிக்கு இன்னும் இரண்டு நொடி கொடுங்கள். தேதியை ஆண்டோடு போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். குடும்பக் குரூப்பில் போன வருடத்து வீடியோ அடுத்த தீபாவளிக்கும் வரும், பழைய விலையைச் சொல்லிப் பெரியப்பா கடைக்காரரிடம் சண்டை போடுவார்.