சிம் கார்டு இல்லாத மோட்டார் ஸ்டார்ட்டர்

கிணற்று மோட்டாரைச் செல்பேசியில் போட்டு நிறுத்தும் ஸ்டார்ட்டர்கள் இன்று பல தோட்டங்களில் இருக்கின்றன. ஆனால் கிணற்றடியில் டவர் கிடைக்க வேண்டும், சிம்முக்கு ரீசார்ஜ் செய்துகொண்டே இருக்க வேண்டும். இரண்டுமே வேண்டாம் என்பவர்களுக்கு ஏற்றது லோரா என்ற வானொலி முறை. இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில், விதித்த வரம்புக்குள் உரிமம் இல்லாமலே இதைப் பயன்படுத்தலாம்.

பத்தில் ஒரு வாட் சக்தியே இதற்குப் போதும். வேகத்தை விட்டுக்கொடுத்துத் தூரத்தைப் பெறுவதுதான் இதன் சூட்சுமம். ‘மோட்டார் போடு’ என்ற சிறு செய்தியை நிதானமாக, ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம் வரை இழுத்து அனுப்பலாம். அதனால் சுற்றியுள்ள இரைச்சலைவிட மெலிந்துபோன அலையையும் எதிர்முனை படித்துவிடும். பேச்சை அனுப்ப இந்த வேகம் போதாது, மோட்டாருக்குத் தாராளம்.

வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி 5 குதிரைத்திறன் மோட்டார் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மோட்டாரைப் போடுவது எளிது. ‘நிறுத்து’ என்ற செய்தி வழியில் தொலைந்தால்தான் ஆபத்து: தொட்டி வழியும், கிணறு வற்றியும் மோட்டார் ஓடும். ஆகவே வீட்டுப் பெட்டி ‘ஓடு’ என்று மட்டும் சொல்லக்கூடாது, ‘பத்து நிமிடம் ஓடு’ என்று சொல்ல வேண்டும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அந்தக் கெடுவைப் புதுப்பிக்க வேண்டும். பத்து நிமிடம் செய்தி வராவிட்டால் கிணற்றுப் பெட்டி தானே மோட்டாரை நிறுத்திவிடும்.

வயரிங்கிலும் இதே எச்சரிக்கை தேவை. ஒரு ரிலே பச்சைப் பொத்தானுக்கு இணையாக நின்று, ஒரு நொடி மட்டும் அழுத்திவிடும். இன்னொன்று சிவப்புப் பொத்தானோடு தொடராக நிற்கும். கருவி உயிரோடிருந்து அனுமதிக்கும் வரைதான் அந்த ரிலே மூடியிருக்க வேண்டும். கருவி செத்தால் ரிலே திறந்து, காண்டாக்டர் விழுந்து, மோட்டார் நின்றுவிடும். கருவி பழுதான நாளில் கையால் போட ஒரு பைபாஸ் சுவிட்சும் வேண்டும். ஓவர்லோட் ரிலேயை எக்காரணம் கொண்டும் கழற்றக்கூடாது. மும்முனை இணைப்பை எலெக்ட்ரீஷியனே செய்ய வேண்டும்.

ரிலே மூடியதாலேயே மோட்டார் ஓடுகிறது என்று நம்பிவிட முடியாது. மோட்டார் ஒயரைச் சுற்றி மாட்டும் மின்னோட்ட உணரிதான் உண்மையைச் சொல்லும். இந்த மோட்டார் ஏறத்தாழ 7 ஆம்பியர் இழுக்கும். தண்ணீர் வற்றினால் அது நன்றாக இறங்கிவிடும். ஒரு பேஸ் போனால் மற்ற இரண்டிலும் ஏறிவிடும். நல்ல நிலையில் ஓடும்போது அளந்ததைக் கருவியில் பதிந்து, அதிலிருந்து விலகினால் நிறுத்தச் சொல்லலாம். அந்த அளவையே வீட்டுக்குப் பதிலாக அனுப்ப வேண்டும்.

நடைமுறையில் அதிகம் தவறுவது ஆன்டெனா. இரும்பு ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் வைத்தால் அலை வெளியே வராது. இந்த அலைவரிசைக்கான கால்அலை ஆன்டெனாவின் நீளம் 8.6 சென்டிமீட்டர்தான், அதை ஒரு கம்பத்தில் ஏற்றி வெளியே வைக்க வேண்டும். நடுவே தென்னந்தோப்பு இருந்தால் மழை நாளில் நனைந்த ஓலைகள் அலையை இன்னும் குறைக்கும். எனவே காய்ந்த நாளில் பார்க்கும்போதே சிக்னல் −110 டிபிஎம் அளவில் இருப்பது நல்லது. −128 என்று காட்டினால் எல்லைக்கு அருகில் இருக்கிறது. அப்போது சக்தியைக் கூட்டும் முன் கம்பத்தை உயர்த்துங்கள்.